சுண்ணாம்பின் மேல் போட்ட பழி

நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு போட்டுத்தான் வேகவைப்போம். ஒரகடத்தில், கார் உதிரிபாகக் கம்பெனிகளுக்கு நடுவே, சோளச் சிப்ஸ் செய்கிற ஒரே கம்பெனி எங்களுடையது. பெரிய கொப்பரையில் சோளமும் தண்ணீரும் நீர்த்த சுண்ணாம்பும் சேர்ந்து கொதிக்கும். பிறகு விடியும்வரை அப்படியே ஊறும். காலையில் கழுவும்போது தோல் வழுக்கிக்கொண்டு போய்விடும். அரைத்தால் மாவு கையில் ஒட்டாமல், விரிசல் விடாமல், தகடாக இழுபடும். தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் பதினோரு வருடம் அந்த மாவின் ஈரத்தையும் காரத்தன்மையையும் அளந்தவள் நான். சுண்ணாம்பு எதற்கு என்று புதிதாக வருபவர்கள் கேட்டால், தோல் உரிய, மாவு சேர என்று இரண்டு வரியில் சொல்லி அனுப்பிவிடுவேன். எனக்குத் தெரிந்ததும் அவ்வளவுதான்.

லாரியிலிருந்து மூட்டை இறக்கும்போது சிந்துகிற சோளத்தை லோடிங் ஆட்களே எடுத்துப்போகலாம் என்று ஓர் ஏற்பாடு இருந்தது. அந்த ஏற்பாட்டைச் செய்தது நான்தான். அவர்கள் மத்தியப் பிரதேசத்து மேற்குப் பக்கத்து மலைச்சனங்கள். சோள ரொட்டி அவர்களுக்கு நமக்குச் சோறு மாதிரி. கூட்டிக் குப்பையில் போடுவதைச் சலித்து அவர்களிடம் கொடுத்தால் என்ன என்று மேனேஜரிடம் வாதாடி அனுமதி வாங்கினேன். கேட்டில் காட்டுகிற சீட்டில் என் கையெழுத்து இருக்கும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது, பொய் சொல்வானேன். வெந்து, கழுவி, அளவு தவறியதால் கழிக்கப்பட்ட மாவு மட்டும் யாருக்கும் கிடையாது. அது மாட்டுத்தீவனக்காரரின் வேனில் ஏறிவிடும். வெந்த பொருள் வெளியே போய் யாருக்காவது வயிறு கெட்டால் கம்பெனிக்குக் கெட்ட பெயர் என்று அந்த விதியை எழுதியதும் நான்தான்.

லோடிங் ஆட்களில் ஒருவனுக்கு, முப்பது வயதிருக்கும், சித்திரை வெயிலில் கையெல்லாம் புண்ணாகிவிட்டது. சோள மூட்டையோடு சுண்ணாம்பு மூட்டையும் அவர்கள்தான் இறக்குவார்கள். தோல் கறுத்துத் தடித்து, செதில் செதிலாக உரிந்தது. பார்த்த நொடியில் முடிவுகட்டினேன்: சுண்ணாம்புப் புண். இரண்டு வருடத்துக்கு முன் இன்னொரு ஆளுக்கும் இதே மாதிரி வந்து விபத்துப் பதிவேட்டில் எழுதியிருந்தேன். அவன் யார், பிறகு என்ன ஆனான் என்று எனக்கு நினைவில்லை. லோடிங் ஆட்கள் வருவார்கள், போவார்கள். இவனையும் பாதுகாப்பு வகுப்பில் உட்காரவைத்தேன். புதுக் கையுறை கொடுத்தேன். "கையுறை போடாம சுண்ணாம்ப தொட்டா இப்படித்தான் ஆகும்" என்று நாலு பேர் முன்னால் திட்டவும் செய்தேன். அவன் தலையை ஆட்டினான்.

கையுறை போட்டும் புண் ஆறவில்லை. வயிற்றுப்போக்கு வேறு சேர்ந்துகொண்டது. பிறகு அவன் மூட்டையைத் தவறான அடுக்கில் வைக்க ஆரம்பித்தான். ஒருநாள் லாரிக்குப் பின்னால் நின்று, தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் அழுதானாம். மேஸ்திரி என்னிடம் வந்தார். சேரப்பணஞ்சேரிக்காரர், ஆட்களை அனுப்புகிற ஒப்பந்தக்காரரின் கையாள்.

"மேடம், அவனுக்கு மூளை கலங்கிகினு கீது. நைட்டெல்லாம் தூங்க மாட்றானாம், பொண்டாட்டிய பாத்து யாருன்னு கேக்கறானாம். சரக்கு வேல. நாளைக்கு ரயில் ஏத்தி வுட்டுர்றேன்."

"குடிப்பானா?"

"பாத்ததில்ல. குடிக்காம இப்டி ஆவுமா?"

சரி, ஏற்றிவிடுங்கள் என்ற சொல் வாய்வரை வந்துவிட்டது. அன்று வியாழக்கிழமை. வியாழக்கிழமைதான் எங்கள் மருத்துவ அறைக்கு டாக்டர் வருவார். காஞ்சிபுரத்திலிருந்து வருகிற அம்மா, அதிகம் பேசமாட்டார். போகிற ஆளை ஒருமுறை காட்டிவிட்டு அனுப்பலாம் என்று தோன்றியது. கருணையால் என்று சொல்லமாட்டேன். ரயிலில் ஏதாவது ஆகிவிட்டால் ஏன் காட்டவில்லை என்று என்னைக் கேட்பார்கள்.

டாக்டர் அவன் கைகளை மேசைமேல் வைக்கச் சொல்லிப் புரட்டினார். உள்ளங்கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"சுண்ணாம்பு மூட்டைய எதால தூக்குவான்?"

எனக்கு உறைத்தது. தூக்குகிற உள்ளங்கை சுத்தமாக இருந்தது. விரல் இடுக்குகளிலும் ஒன்றுமில்லை. புறங்கையும் முன்கையும்தான் வெந்திருந்தன, இரண்டு கைகளிலும் ஒரே அளவுக்கு. மணிக்கட்டிலிருந்த காப்பை டாக்டர் மேலே தள்ளினார். அதன் அடியில் ஒரு பட்டை அளவுக்குத் தோல் நன்றாக இருந்தது. சட்டைப் பொத்தானைக் கழற்றச் சொன்னார். கழுத்தைச் சுற்றி மாலை போட்டதுபோல் அதே கறுப்பு, சட்டை மறைக்கிற இடத்தில் கோடு கிழித்து நின்றது. வெயில் பட்ட இடமெல்லாம் புண், படாத இடமெல்லாம் நல்ல தோல். நாக்கை நீட்டச் சொன்னார். பச்சை இறைச்சி மாதிரி சிவந்திருந்தது.

"சாப்பாடு என்ன?" என்றார்.

என் ஹாஸ்டல் காலத்து ஹிந்தியில் அவன் மனைவியிடம் கேட்டேன். அவளும் கூட வந்திருந்தாள். சோள ரொட்டி என்றாள். அதற்குத் தொட்டுக்கொள்ள? உப்பு, மிளகாய். பருப்பு? ஊரில் உண்டு, பாலும் உண்டு, கீரையும் உண்டு. இங்கே ஷெட்டில் பருப்பு வேக நேரமுமில்லை, கேஸுமில்லை. சோளம்தான் சும்மா கிடைக்கிறதே என்றாள். அவள் வீட்டுவேலைக்குப் போகிற இடத்தில் மத்தியானம் சாப்பாடு போடுகிறார்களாம், அதனால் அவளுக்கு ஒன்றுமில்லை.

"பெல்லாக்ரா" என்றார் டாக்டர். "நியாசின்ங்கற வைட்டமின் குறைவு. குடிகாரங்ககிட்ட ரெண்டு தடவ பாத்திருக்கேன். சோளத்தால வந்து பாக்கறது இதான் மொதல் தடவ."

"சோளத்துல நியாசின் இருக்குதே மேடம். நாங்க ரிப்போர்ட்ல போடறோம்."

"இருக்கு. உள்ள கட்டிப்போட்டுக் கெடக்கு. நம்ம குடலால அத அவுக்க முடியாது, வந்த வழியே போயிடும். புரதத்துலேர்ந்து ஒடம்பு தானா கொஞ்சம் செஞ்சுக்கும், அதுக்கு டிரிப்டோபான்னு ஒரு அமினோ அமிலம் வேணும். சோளத்துல அதுவும் கம்மி. ரெண்டு வாசலும் மூடிப்போச்சு." மாத்திரை எழுதிக்கொண்டே கேட்டார்: "சோளத்தையே பொறப்புலேர்ந்து சாப்டற மெக்சிகோகாரங்களுக்கு ஏன் வரல தெரியுமா?"

அவர் சொல்வதற்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிட்டது. வேதியியல் படித்தவள் நான். நியாசின் சோளத்தின் நார்ப்பொருளோடு எஸ்டர் பிணைப்பில் கட்டுண்டு கிடக்கிறது. எஸ்டரைக் காரத்தில் கொதிக்கவைத்தால் பிணைப்பு அறும். இதை முதல் வருடப் பரிசோதனையில் நானே செய்திருக்கிறேன். அவர்கள் ஆதியிலிருந்தே சுண்ணாம்போ சாம்பலோ போட்டு வேகவைக்கிறார்கள். சோளத்தைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனவர்கள் தானியத்தை எடுத்தார்கள், சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள். போன இடத்தில் ஏழைகள் அதை மட்டுமே தின்று தோல் உரிந்து, புத்தி பேதலித்துச் செத்தார்கள்.

எங்கள் கொப்பரையில் தினமும் டன் கணக்கில் அந்தக் கட்டு அவிழ்ந்துகொண்டிருந்தது. அவிழ்ந்ததை மாட்டுக்கு அனுப்பினேன். அவிழாததை மனிதனுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவார்கள் என்பார்கள். நான் அலையக்கூட இல்லை.

மேஸ்திரியிடம் அவனை ரயில் ஏற்றக்கூடாது என்றேன். நியாசின் வகையான நிகோடினமைடு மாத்திரையும் மற்ற பி வைட்டமின்களும் ஆரம்பித்தோம். கேன்டீனில் ஒப்பந்த ஆட்களுக்கு இடமில்லை என்ற விதியை எதிர்த்து அன்று நான் போட்ட சண்டையில் மேனேஜர் அறைக் கண்ணாடி அதிர்ந்தது. முட்டையும் பருப்பும் வேர்க்கடலையும் அவனுக்குப் போயின. மூன்றாம் நாள் நாக்கு எரியவில்லை என்றான். ஒரு வாரத்துக்குள் மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். கைகள் ஆற வாரக்கணக்கானது.

அடுத்த ஞாயிறு அவர்கள் ஷெட்டுக்குப் போனேன். வல்லக்கோட்டைப் பக்கம் போகிற சாலையில் தகரக் கூரை வரிசை. ஆய்வகத்திலிருந்து உணவுத்தரச் சுண்ணாம்பு ஒரு டப்பா கொண்டுபோயிருந்தேன். சோளத்தை அதில் கொதிக்கவைத்து, ஊறவைத்து, மூன்று நான்கு தண்ணீரில் அலசி அரைத்தால் போதும், ஆனாலும் பருப்பை விடக்கூடாது என்று சொன்னேன். முந்தின நாளே கொஞ்சம் சுண்ணாம்பு கொடுத்துச் சொல்லியனுப்பியிருந்ததால் ஒரு பானை ஊறவைத்திருந்தார்கள். அவன் மனைவி அம்மியில் அரைத்து ரொட்டி தட்டினாள். வழக்கமாக ஓரம் வெடிக்கும், வெந்நீர் விட்டுப் பிசைந்தாலும் வெடிக்கும், இது வெடிக்கவில்லை என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

பிறகு அடுப்பைப் பார்த்தபடியே ஹிந்தியில் சொன்னாள். "இவரோட அண்ணனும் உங்க கம்பெனிலதான் இருந்தார். அவருக்கும் கை இப்படியே ஆச்சு, கழுத்தும். சுண்ணாம்பால வந்ததுன்னு இங்க எழுதினாங்களாம். அதனால சுண்ணாம்பு இல்லாத ஊருக்குப் போனா சரியாயிடும்னு கூட்டிட்டுப் போனோம். அந்த வருஷம் மழை இல்ல, பசுவும் இல்ல. சோளம் மட்டும் இருந்துச்சு. கடைசியில எங்க யாரையும் தெரியாமலே போய்ச் சேந்துட்டார்."

எழுதியது நான் என்று அவளுக்குத் தெரியாது. சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அவள் ரொட்டியைத் தட்டில் வைத்து நீட்டினாள். நான்தான் எழுதினேன் என்று அப்போது சொன்னேன். அவள் தட்டை நீட்டியபடியே இருந்தாள். "சூடு ஆறிடும், சாப்பிடுங்க" என்றாள். சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை பழைய பதிவேட்டை எடுத்தேன். என் கையெழுத்தில் இருந்தது: சுண்ணாம்புப் புண். தொழிலாளியின் கவனக்குறைவு, கையுறை அணியவில்லை. டாக்டரிடம் போனில் கேட்டேன்; அந்த அண்ணனை நேரில் பார்க்காமல் அவராலும் உறுதி சொல்ல முடியவில்லை. ஆனால் கை, கழுத்து, கடைசியில் புத்தி, எல்லாம் அதே வரிசைதான் என்றார்.

எங்கள் தொழிலில் எழுதிய எதையும் அழிக்கக்கூடாது. பழையது படிக்கத் தெரியும்படி ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் திருத்தம் எழுதி, திருத்தத்துக்கான காரணத்தையும் எழுதிக் கையெழுத்திட வேண்டும். கோடு போட்டேன். சுண்ணாம்பு காரணமல்ல, நியாசின் குறைவாக இருந்திருக்கலாம் என்று எழுதினேன்.

காரணம் என்ற கட்டத்தில் எழுதினேன்: என்ன சாப்பிட்டாய் என்று நான் கேட்கவில்லை.