யாரிடமிருந்து வந்தது

என் அக்காவைச் சோமனூரில் கட்டிக்கொடுத்திருந்தோம். வீட்டுக்குப் பின்னாலேயே தறி ஓடும். மாதவிடாய் நின்று சில வருஷம் கழித்து மறுபடி ரத்தம் பட்டபோது, சூடு என்று மோரைக் குடித்துவிட்டு இருந்துவிட்டாள். இடுப்பு வலி பொறுக்க முடியாமல் போன பிறகுதான் தங்கையான எனக்கு போன் செய்தாள். நானும் அக்கா வீட்டுக்காரரான மச்சானும் கோயமுத்தூருக்குக் கூட்டிப்போனோம். சதை எடுத்துப் பார்த்ததில் கர்ப்பப்பை வாயில் புற்றுநோய். சுற்றிலும் பரவியிருந்தது.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். "இது ஒரு வைரஸால வர்றதும்மா. தாம்பத்திய உறவுல தொத்தும். நெறையப் பேருக்கு வரும், பெரும்பாலும் உடம்பே விரட்டிடும். சிலருக்கு மட்டும் போகாம வருஷக்கணக்குல தங்கிடும். செல்லு கண்டபடி பெருகாம தடுக்கற காவலை அது முடக்கிப்போடும். பழுதான செல்லு சாகாம பெருகிட்டே போகும். அது புத்துநோயா மாறப் பல வருஷம் ஆகும். அதுவரைக்கும் வலியே தெரியாது."

அக்கா தலையைக் குனிந்துகொண்டே கேட்டாள். "யாருகிட்ட இருந்து வந்துச்சுங்க?"

"அதைச் சொல்லவே முடியாதும்மா. கல்யாணமான புதுசுல வந்ததாக்கூட இருக்கலாம். இதை வெச்சு யாரோட நடத்தையையும் எடை போடாதீங்க."

வீட்டுக்கு வந்ததும் அக்கா அடுக்களையில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவரு என்னைய என்ன நெனைக்கறாரோன்னு எனக்குப் பயம் கண்ணு. நான் அவரை என்ன நெனைக்கறனோன்னு அவருக்குப் பயம். ஒரே ஊட்டுல எப்படி இருக்கறது?"

கதிர்வீச்சு சிகிச்சை தொடங்கியது. துணைக்குப் போன என்னையும் பரிசோதனை செய்துகொள்ளச் சொன்னார் டாக்டரம்மா. எனக்கும் அந்த வைரஸ் இருந்தது. செல்கள் மாறத் தொடங்கியிருந்தன, புற்றாகவில்லை. மரத்துப்போக ஊசி போட்டு, கம்பி வளையத்தால் அந்த இடத்தை மட்டும் சீவி எடுத்தார்கள். அன்று சாயங்காலமே வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். அதே ஆஸ்பத்திரிக் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில்தான் அக்கா படுத்திருந்தாள்.

அவளிடம் மறைத்துவிடத்தான் நினைத்தேன். என் நடையைப் பார்த்தே கேட்டுவிட்டாள். சொன்னேன்.

"எடுத்துப்போட்டாங்களா? முழுசா?"

"ஆமாங்கக்கா."

கண்ணை மூடிக்கொண்டாள். "நல்லாயிரு சாமி" என்றாள். அழுதது நான்தான்.

அக்காவுக்கு நோய் அடங்கின மாதிரி இருந்து, பிறகு நுரையீரலில் வந்தது. கடைசி மாதங்களில் மச்சான் தறியை நிறுத்திவிட்டு அவள் பக்கத்திலேயே இருந்தார். துணி மாற்றினார், தலை வாரிவிட்டார். அந்தக் கேள்வியை அவர்கள் தங்களுக்குள் பேசித் தீர்த்தார்களா என்று எனக்குத் தெரியாது.

எழவு வீட்டில் பெண்கள், அக்கா வயிற்றுவலியில் போய்விட்டாள் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். மச்சான் எழுந்து வாசலுக்கு வந்தார்.

"வயித்துவலி இல்லீங்க. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். வைரஸால வர்றது. முன்னாடியே பாத்திருந்தா காப்பாத்தியிருக்கலாம். நீங்கெல்லாம் போய்ப் பாத்துக்கோங்க."

அவர் உள்ளே போய் அவள் கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டார்.