செவ்வாய், வியாழன், சனி, ஞாயிறு

மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், அறுவைக் கருவிகளைக் கழுவி, உலர்த்தி, உறையிட்டு, நீராவியில் வேகவைத்து மேலே அனுப்பும் அறை ஒன்று உண்டு. அங்கே பதினாறு வருடமாக நிற்பவளுக்கு ‘நீராவி’ என்று பெயர் விழுந்துவிட்டது. அவளுக்கு அதில் வருத்தமில்லை. வீட்டில் அதுகூடக் கிடையாது, “ஏய்” மட்டும்தான்.

இரண்டு வருடத்துக்கு முன் மருத்துவமனை நடத்திய ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்தில் ஆள் குறைகிறது என்று அவளையும் பிடித்துத் தள்ளினார்கள். கடைசிக்கு முந்தின ஆளாக வந்து சேர்ந்தாள். ஆனால் அந்த நாற்பத்தோரு நிமிடத்தில் யாரும் அவளைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் அவள் அங்கே இல்லை. அந்த ருசி ஒட்டிக்கொண்டது. நாற்பத்திரண்டு வயதில் முழு மாரத்தானுக்குப் பெயர் கொடுத்தாள். பதினெட்டு வாரப் பயிற்சி.

வீட்டில் மாமனார் இருந்தார். மூன்று வருடம் முன்பு பக்கவாதம் வந்து இடப்பக்கம் விழுந்துவிட்டது. வாய் மட்டும் விழவில்லை. காலையில் அவரை எழுப்பி, கழிவறைக்குக் கொண்டுபோய், துடைத்து, உடை மாற்றி, ஊட்டி முடிக்க ஒன்றேகால் மணி நேரம் ஆகும். ஏழு நாளும் அவள்தான் செய்தாள்.

பெயர் கொடுத்த அன்று சாப்பாட்டு மேசையில் பஞ்சாயத்து நடந்தது. இரண்டு தெரு தள்ளி இருந்த நாத்தனார் வந்து உட்கார்ந்தாள்.

“நாய்க்கு வேலையும் இல்ல, நிக்க நேரமும் இல்லங்கற கதையா, எதுக்குடி ஓடணும்? யாரு தொரத்துறாங்க?”

“நாலு நாள் போதும் அண்ணி. செவ்வாய், வியாழன், சனி, ஞாயிறு. ஏழு மணிக்குள்ள வந்துடுவேன். ஞாயித்துக்கிழமை மட்டும் லேட்டாகும்.”

“அந்த நாலு நாள் எங்கப்பாவ யாரு பாக்கறது?”

“உங்க அப்பாதானே அண்ணி?”

நாத்தனார் முகம் சுருங்கியது. கணவன் ஒரு தாளை எடுத்து ஏழு கட்டம் போட்டான். மூன்றில் மனைவி பெயர், நாலில் அக்கா பெயர். லிஃப்ட் மெக்கானிக் அல்லவா, கோடு நேராக இருந்தது. தாளைக் குளிர்பெட்டியில் ஒட்டிவிட்டு, பெரிய காரியம் முடித்தவன் போலக் கை தட்டிக்கொண்டான்.

திட்டம் எளிமையானது. செவ்வாய் எட்டு கிலோமீட்டர், பேசிக்கொண்டே ஓடும் வேகம். வியாழன் பத்து, நடுவில் ஐந்தை மூச்சு வாங்க ஓட வேண்டும். சனி மெதுவாக ஆறு. ஞாயிறு நீண்ட ஓட்டம், வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கூடும். மற்ற மூன்று நாள் ஓடக்கூடாது. அவள் சேர்ந்த ஓடும் குழுவை நடத்தியவர் ஒரு வாகனக் காப்பீட்டு மதிப்பீட்டாளர், நசுங்கிய கார்களைப் பார்த்துப் பார்த்து முகமும் அப்படியே ஆனவர். எல்லோரும் கேப்டன் என்றார்கள். அவர் சொன்ன எதையும் யாரும் இரண்டாம் முறை கேட்டதில்லை, கேட்டால் திட்டுவார்.

நாத்தனார் முதல் மூன்று வாரம் ஒழுங்காக வந்தாள். நாலாவது வாரம் விடியற்காலையில் போன்.

“இன்னிக்கு முடியலம்மா. நாளைக்கு வந்துடறேன், நீ நாளைக்கு ஓடிக்கயேன். ஓட்டம் எங்க ஓடிடப்போவுது?”

நீராவிக்கு இது புதிதல்ல. கீழ்த்தளத்தில் ஒருத்தி வரவில்லை என்றால் இன்னொருத்தி நிற்பாள், வராதவள் அடுத்த நாள் ஈடு செய்வாள். விட்ட ஷிஃப்டை ஈடு செய்தால் கணக்கு நேர். பதினாறு வருடப் பழக்கம் அப்படியே காலுக்கு இறங்கியது. செவ்வாய் விட்டதைப் புதன் ஓடினாள். வியாழன் விட்டதை வெள்ளி ஓடினாள். வெள்ளி வேக ஓட்டம், மறுநாள் சனி, அதற்கு மறுநாள் நீண்ட ஓட்டம் என்று மூன்று நாள் ஒட்டி வந்தது. இதற்கு நடுவே வேலையிலும் சிமெண்ட் தரையில் எட்டு மணி நேரம் நின்றாள். வாரத்துக்கு நாலு ஓட்டம் குறையவில்லை என்று பெருமை வேறு.

பத்தாவது வாரம் இரண்டு கணுக்காலுக்கு மேலேயும் எலும்பின் உள்ளோரம் எரியத் தொடங்கியது. படி இறங்கும்போது உயிர் போனது. மருத்துவமனை பிசியோதெரபிஸ்ட் பெண் விரலால் அழுத்திக்கொண்டே கேட்டாள்.

“ஒரே புள்ளியில குத்துதா, நீளமா பரவி வலிக்குதா?”

“நீளமா.”

“தப்பிச்சீங்க. ஒரே எடத்துல குத்தினா எலும்பு விரிசலான்னு பாத்திருக்கணும். பத்து நாள் ஓட்டம் கிடையாது. சைக்கிள் மிதிங்க.”

ஓடிய நாட்களை எழுதி வைத்த குறிப்பேட்டைக் கேப்டனிடம் காட்டினாள். அவர் நின்றபடி புரட்டினார்.

“இது என்ன, வெள்ளிக்கிழமை?”

“வியாழன் விட்டது சார். ஈடு பண்ணினேன்.”

“உன்ன யாரு ஈடு கேட்டா? பஸ்ஸு போயிட்டா அடுத்த பஸ்ஸு, பின்னாடி ஓடக்கூடாது. நாலு நாள் ஓடறவளுக்கு அந்த மூணு நாளுதான்மா மருந்து. நீ மருந்த நகத்தி நகத்தி வெச்சிருக்க. விட்டது செத்தது. பொதைச்சுட்டுப் போ.”

குழுவில் யாரோ சிரித்தார்கள். அவர் நிறுத்தவில்லை.

“பத்து நாள் கழிச்சு பதினாறுல ஆரம்பி. அப்புறம் இருபத்திரண்டு, இருபத்தாறு. பந்தயத்துக்கு மூணு வாரம் முன்னாடி ஞாயித்துக்கிழமை முப்பது. அது ஒண்ணுதான் உனக்கு மிச்சம், அதுக்கப்புறம் தூரத்தக் குறைக்கணும். அன்னிக்கு முப்பது வரலைன்னா திங்கக்கிழமையே பாதி மாரத்தானுக்குப் பேர மாத்திடு. அதோட கடைசி தேதி முடியுது. ஆம்புலன்ஸ்ல ஏத்தறதுக்கு நான் ஆள் சேக்கல.”

பத்து நாள் சைக்கிள் மிதித்தாள். பிறகு பதினாறு, இருபத்திரண்டு, இருபத்தாறு. நாத்தனார் இடையில் இரண்டு செவ்வாய் வரவில்லை. “நாளைக்கு ஓடிக்கயேன்” என்றபோது, “வேணாம் அண்ணி, போனது போனதுதான்” என்றாள் நீராவி. நாத்தனாருக்கு அது பிடிக்கவில்லை. கெஞ்சாதவளிடம் மறுத்து என்ன சுகம்?

அந்த ஞாயிறு, நாலேகால் மணி. நீராவி காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது.

“தலை சுத்துதும்மா. எந்திரிக்கவே முடியல.”

“அண்ணி, இன்னிக்குத்தான் முப்பதுன்னு புதன்கிழமையே சொன்னேனே.”

“சொன்ன, சொன்ன. தலைக்குத் தெரியுமா அது?”

போனை வைத்தாள். குளிர்பெட்டி முன் நின்று அந்தத் தாளைப் பார்த்தாள். பதினைந்து வாரம் தினமும் பார்த்த தாள்தான். ஏழு கட்டம், இரண்டு பெயர். மேசையில் அன்று உட்கார்ந்தவர்கள் மூன்று பேர்.

படுக்கையறை விளக்கைப் போட்டாள். கணவன் கையால் கண்ணை மறைத்தான்.

“என்ன?”

“அண்ணி வரல. மாமாவ நீங்க பாருங்க.”

“அவ வரலன்னா நீ இரு. அதுதானே ஏற்பாடு?”

“யாரு பண்ணின ஏற்பாடு?”

“எனக்கு அதெல்லாம் தெரியாதுடி. நான் செஞ்சதே இல்ல.”

“புதுசா வர்ற பொண்ணுக்கு அரை மணி நேரத்துல ஆபரேஷன் கத்தி கழுவச் சொல்லித் தர்றேன். நீங்க பத்து மாடி லிஃப்ட தூக்கறவரு. கேளுங்க. சக்கர நாற்காலிய அவரோட நல்ல பக்கம், வலது பக்கம் போடணும். ரெண்டு பிரேக்கும். நீங்க அவரு எடப்பக்கம் நின்னு இடுப்புப் பட்டையப் புடிங்க, கையப் புடிச்சு இழுக்காதீங்க, தோள் கழண்டுடும். வெந்நீர் போட்டாச்சு.”

“போனீன்னா பாரு.”

“பாக்கறேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் கேப்டனின் குழுவோடு ஓட ஆரம்பித்தபோது இன்னும் இருட்டு விலகவில்லை. மூன்றாவது கிலோமீட்டரில் போன். “துண்டு எங்க?” ஏழாவதில் போன். “மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?” பதினொன்றில் ஒன்றும் கேட்காமல் திட்டிவிட்டு வைத்தான்.

பதினேழாவதில் குரல் மாறியிருந்தது.

“அப்பா கீழ உக்காந்துட்டாரு. நாற்காலி நகந்துடுச்சு. என்னால தூக்க முடியல. உடனே வா.”

அவள் நின்றாள். குழு அவளைத் தாண்டிப் போனது.

“தலை இடிச்சுதா?”

“இல்ல. வழுக்கி அப்படியே உக்காந்துட்டாரு.”

“ரத்தம்? எங்கயாவது வலின்னு சொல்றாரா?”

பின்னாலிருந்து மாமனாரின் குரல் வந்தது. “டேய் பிரேக்கு போடாத பயலே, ஊரு லிஃப்டெல்லாம் உன்ன நம்பியாடா ஏறி எறங்குது!” சொல் ஒன்றுகூடக் குழறவில்லை.

 வீடு போக ஆட்டோவில் இருபது நிமிடம். போனால் தூக்கி உட்கார வைத்துவிடுவாள். மறுநாள் பெயரை மாற்றிவிடுவாள். அதற்கப்புறம் எந்த நாலு நாளும் இருக்காது, இது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

“முதுகுக்குத் தலகாணி குடுங்க. தனியாத் தூக்காதீங்க. எதிர் வீட்டு டிரைவரக் கூப்பிட்டு ரெண்டு பேராத் தூக்குங்க. எங்கயாவது வலின்னு சொன்னாருன்னா தூக்காம ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணிட்டு எனக்குச் சொல்லுங்க, வந்துடறேன்.”

“அப்ப நீ வரமாட்ட?”

“பதிமூணு கிலோமீட்டர் பாக்கி.”

அவன் சொன்ன வார்த்தையை அவள் அம்மா வீட்டுப் பக்கமே யாரும் சொன்னதில்லை. வைத்துவிட்டு ஓடினாள். எட்டு நிமிடத்தில் ஒரு குறுஞ்செய்தி: ‘தூக்கியாச்சு.’ முற்றுப்புள்ளிகூடக் கோபமாக இருந்தது. கேப்டன் முன்னால் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தார். அவள் வந்து சேர்ந்ததும், “இது நடக்கற வேகம்” என்று மட்டும் சொல்லிவிட்டு முப்பது வரை கூடவே வந்தார். முப்பது முடிய நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு.

வீட்டுக்குப் போனபோது நாத்தனார் கூடத்தில் நின்றாள். தலை சுற்றலுக்கு நல்ல மருந்து கிடைத்திருக்க வேண்டும், வகிடு எடுத்துச் சீவியிருந்தாள்.

“மனுஷியாடி நீ? எங்கப்பா தரையில கெடக்கறாரு, நீ ரோட்டுல குதிக்கற!”

நீராவியின் முகத்தில் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. முதலில் மாமனாரிடம் போனாள். சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்தாள், இடுப்பை அழுத்திப் பார்த்தாள், காலை மடக்கி நீட்டினாள். காயமில்லை.

“உங்களுக்கு எப்படி இருக்கு அண்ணி, தலை?”

“பேச்ச மாத்தாத. டேய், இவள நீ கேக்கமாட்டியா?”

கணவன் சோபாவில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். “நீ ஏன் வரல?” என்று அக்காவைக் கேட்டான். “ரெண்டு தெருவு. தலை சுத்தினாலும் உருண்டே வந்திருக்கலாம்.”

“ஓ, நான்தான் கெட்டவளா இப்ப?”

“ரெண்டு பேரும்தான்” என்றான். பிறகு மூன்று பேரும் கத்தினார்கள். படுக்கையிலிருந்து நாலாவது குரலும் சேர்ந்துகொண்டது. நீராவி நடுவிலேயே குளிக்கப் போய்விட்டாள். திங்கட்கிழமை பெயரை மாற்றவில்லை.

அடுத்த மூன்று வாரம் கணவன் அவளோடு பேசவில்லை. நாத்தனார் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. ஆகவே ஓட்ட நாட்களில் நாலரை மணிக்கு அவன்தான் எழுந்தான். கதவை அறைந்தான், பாத்திரத்தை உருட்டினான், எல்லாச் சத்தமும் அவளுக்குக் கேட்கும்படி செய்தான். பிரேக்கை மட்டும் இருமுறை போட்டான்.

பந்தயம் தொடங்கி ஐந்து மணி நேரம் பதினெட்டு நிமிடத்தில் முடித்தாள். முப்பத்தைந்துக்கு மேல் பாதி நடை. கோட்டைத் தாண்டியதும் ஒரு தன்னார்வலர் பெண் பதக்கத்தைக் கழுத்தில் போட்டாள்.

“போட்டோ எடுக்கலாமா அக்கா? வீட்டுலேருந்து யாராவது வந்திருக்காங்களா, கூட நிக்க?”

“வரல. அவருக்குக் காலைல வேலை இருக்கு” என்று சொல்லிவிட்டு, தனியாகவே நின்றாள்.