இரண்டு மணி நேர ஷரத்து

அண்ணனின் காரியம் முடிந்த கையோடு அவனுடைய முதலாளி என்னை வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். கோயமுத்தூரில் ஜெனரேட்டர் சர்வீஸ் கம்பெனி. போனை எடுத்து, எந்த மில்லில் என்ன பழுது என்று எழுத வேண்டும். ஏழாவதோடு நின்றவளுக்கு அது போதும். சூலூரில் எங்கள் வீதியே அவரைத் தங்கமான மனுசன் என்றது. நானும் நம்பினேன்.

மாதம் பிறந்ததும் சோமனூர் பக்கத்து மில்லுக்கு என்னைக் கூட்டிப் போனார்.

"சும்மா உக்கார்ந்திரு அம்மணி. கேட்டா மட்டும் பேசு" என்றார்.

அந்த மில்லோடு போட்ட ஒப்பந்தத்தைக் காரிலேயே சொன்னார். புகார் சொன்ன இரண்டு மணி நேரத்துக்குள் மெக்கானிக் மில் கேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். பத்து அழைப்பில் குறைந்தது ஒன்பது அப்படி இருக்க வேண்டும். மாதத்துக்கு ஐந்தாறு அழைப்புத்தான் வரும் என்பதால், ஒன்று தவறினாலே கணக்கு விழுந்துவிடும். மாதாமாதம் ஐந்தாம் தேதிக்குள் ரிப்போர்ட். விழுந்த மாதத்துக்குப் பணத்தில் பிடித்தம். தொடர்ந்து மூன்று மாதம் விழுந்தால் மில் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். கம்பெனியின் கையை மீறிய காரணமென்றால் அந்த அழைப்பைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. ஆனால் அன்றைக்கே எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும்.

ஏற்கெனவே இரண்டு மாதம் விழுந்திருந்தது. அண்ணன் செத்தது மூன்றாவது மாதம். அவன் போய்ச் சேராத அழைப்புத்தான் தவறிய அழைப்பு.

மில் இன்ஜினியர் காபி வரவழைத்தார். முதலாளி என்னைக் காட்டினார்.

"அந்தப் பையனோட தங்கச்சிங்க. நம்ம கம்பெனியில தான் இருக்குது. லாரிக்காரன் அடிச்சதுக்கு நாம என்னங்க பண்றது? கை மீறுனதுன்னு கணக்குல சேர்க்காம உட்டுருங்க."

"அன்னைக்கே தகவல் குடுத்தீங்களா?"

"குடுக்காம இருப்பனுங்களா? ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்த கால் மணி நேரத்துல உங்களுக்கு பேக்ஸ் அனுப்பிட்டமுங்க!"

பெருமையாகத்தான் சொன்னார். எங்கள் வீட்டுக்கு விளக்கு வைத்த பிறகுதான் ஆள் வந்தது. அதுவரை நானும் அம்மாவும் அவனுக்குச் சோறு எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். காபி வாயிலேயே கசந்தது. துப்ப இடமில்லாமல் விழுங்கினேன்.

"சரிங்க, ஆனா பையன் எத்தன மணிக்குக் கிளம்புனான்? எங்க போன் பத்து மணிக்கு. பன்னெண்டுக்குள்ள கேட்டுல இருக்கோணும். லேட்டாக் கிளம்பியிருந்தா லாரி அடிக்காட்டியும் தவறியிருக்குமல்லங்க?"

"உடனே கிளம்பிட்டானுங்க" என்றார் முதலாளி.

"இல்லீங்க" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "பதினொன்னே முக்காலுக்கு எங்க ஊட்டுக்கு வந்தானுங்க. சட்டையெல்லாம் நனைஞ்சிருந்துச்சு. முதலாளி ஊட்டுல தண்ணி மோட்டார் ரிப்பேர், முடிச்சுப்போட்டுத்தான் போகோணும்னு புடிச்சு வெச்சுட்டாங்கன்னான். சட்டைய மாத்துனான். சோத்தத் திங்கச் சொன்னேன். பன்னெண்டுக்குள்ள கேட்டுல கையெழுத்துப் போடாட்டி வேலை போயிரும்னு சொல்லிட்டு ஓடுனானுங்க."

இன்ஜினியர் பேனாவை மூடினார். இனி முதலாளியைக் கேட்பார் என்று காத்திருந்தேன். ஒருவராவது அவரைக் கேட்டால் போதும் என்றிருந்தது.

"அப்ப ஊட்டுக்குப் போயிருக்கான்" என்றார் முதலாளி.

"போற வழிதானுங்க எங்க ஊடு! உங்க மோட்டாரச் சொல்லுங்க!"

"மோட்டார் உங்க கம்பெனி விசயம்மா" என்றார் இன்ஜினியர். "எங்களுக்கு ரெண்டு மணி நேரத்துல வந்தாங்களா இல்லையா, அவ்வளவுதான். இது கை மீறுன காரணமில்ல. தவறுனதுதான்."

பிறகு இருவரும் தாழ்ந்த குரலில் பேசி முடித்தார்கள். பிடித்தம் உண்டு. ரத்து வேண்டாம், வேறு கம்பெனியைப் பிடிப்பது மில்லுக்குத் தொல்லை. ரிப்போர்ட்டில் காரணம் எழுத ஒரு கட்டம் காலியாக இருந்தது. முதலாளி சொல்லச் சொல்ல இன்ஜினியர் எழுதினார்: மெக்கானிக் வழியில் சொந்த வேலையாகத் தாமதித்தார்.

ஈரச் சட்டையை மாற்றியது சொந்த வேலை.

"அடுத்த ஒப்பந்தத்துல ஆளுக்கு விபத்துன்னா கணக்குல சேராதுன்னு தெளிவா ஒரு வரி சேர்த்திக்கலாமுங்க" என்றார் முதலாளி.

"சேர்த்திக்கலாம். ஒரு மணி நேரத்துல பேக்ஸ் வரோணும்" என்றார் இன்ஜினியர்.

சிரித்தார்கள். பெரிதாக இல்லை, வேலை முடிந்தவர்கள் சிரிக்கும் சிரிப்பு.

நான் எழுந்தேன். "எங்க கண்ணு போற? கார்ல போலாம் இரு" என்றார் முதலாளி. அந்தக் கண்ணுவுக்குத் திரும்பாமல் வெளியே வந்தேன்.

கேட்டில் வாட்ச்மேன் நோட்டை நீட்டினார். "ஏனுங்க அம்மணி, வெளிய போற நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க."

இந்த நோட்டுக்காகத்தான் அவன் சோறு தின்னாமல் ஓடினான். பேனாவைத் தொடவில்லை. பின்னாலிருந்து வாட்ச்மேன் கூப்பிடக் கூப்பிட, பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன்.