தவறாமல் போட்ட மாத்திரை

கண்டியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சீனி வியாதிக் கிளினிக்கில் அப்போது ஆய்வு உதவியாளராக இருந்தேன். ஆய்வு சின்னது. ஒரு புதிய மாத்திரையைக் கொடுத்து, எங்கள் பக்கத்து நோயாளிகளுக்கு எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்பது. சீனியைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் மாத்திரை அது. நோயாளிக்கு வாசித்துக்காட்டும் தகவல் தாளைத் தமிழில் எழுதியது நான். ஒப்புதல் தந்தது நெறிமுறைக் குழு. அதில் ஒரு வரி மாற்ற வேண்டுமென்றாலும் குழுவிடம் போய்த்தான் வரவேண்டும்.

வைத்தியர்களுக்கான சுருக்கத்தில் தெளிவாக இருந்தது: நீண்ட நேரம் சாப்பிடாமல் இருந்தாலோ வாந்தி எடுத்தாலோ மாத்திரையை நிறுத்த வேண்டும், இரத்தத்தில் அமிலம் ஏறலாம், அப்போது சீனி அளவு நன்றாக இருந்தாலும் நம்பக்கூடாது. நோயாளியின் தாளில் வாந்தி பற்றிய எச்சரிக்கை இருந்தது. சாப்பாட்டைப் பற்றி, “ரமழான் நோன்பு பிடிப்பவர்கள் முன்கூட்டியே எங்களிடம் சொல்லவும்” என்று ஒரே ஒரு வரி. திகனப் பக்கத்து முஸ்லிம்கள் நிறையப் பேர் வருவதால் குழு அதைக் கேட்டு வாங்கியிருந்தது.

“விரதம் இருக்கிறவங்களுக்கும் ஒரு வரி போடுவமா டொக்டர்?” என்றேன்.

ஆய்வை நடத்திய டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல மனுசன், அதில் குறையில்லை. “எங்கட அம்மாவும் சஷ்டி பிடிக்கிறவ. பாலும் பழமும் எடுப்பா. அதுக்கு ஒண்டும் ஆகாது, விடுங்கோ” என்றார். நான் வேதக்காரி, பெரிய வெள்ளிக்கிழமை ஒரு நேரம் விடுவதோடு என் தவம் முடிந்துவிடும். சஷ்டியைப் பற்றி அவருக்கு நான் என்ன பாடம் எடுப்பது?

ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு அம்மா வந்து சேர்ந்தார். எழுத்து வாசிப்பு இல்லை. சாட்சி பக்கத்தில் உட்கார, தாளை முழுதாக வாசித்தேன். விருப்பமில்லை என்றால் எப்போதும் விலகலாம், வைத்தியத்தில் குறை வராது என்ற இடத்தில், “நான் ஏங்க மிஸ் விலகப் போறேன்?” என்று சிரித்தார். மாத்திரையைத் தினமும் தவறாமல் போட வேண்டும், வெறும் அட்டைகளைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்றதும் தலையாட்டினார். பெருவிரல் ஒப்பம் வைத்தார்.

ஐப்பசி மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில், கிளினிக் தேதியை நினைவூட்ட அவர் வீட்டுக்குப் போன் எடுத்தேன். கணவர் பேசினார்.

“அவளுக்கு மேல்மூச்சு வாங்குதுங்க மிஸ். சஷ்டி விரதம். மகளுக்குப் புள்ளை இல்லைன்னு இந்த வருசம் வெறும் தண்ணிதான் குடிக்கிறா. தோட்டத்து டிஸ்பென்சரியில சீனி பார்த்தாங்க. நல்லா இருக்குன்னு சொல்லி அனுப்பிட்டாங்க.”

நல்லா இருக்கு என்ற அந்தச் சொல்லைத்தான் நம்பக்கூடாது என்று வைத்தியர்களுக்கான சுருக்கம் சொல்லியிருந்தது.

“மாத்திரை?”

“அதெல்லாம் விடுவாளா? நீங்க தவறாம போடச் சொன்னீங்களே.”

“இனி ஒண்ணும் போட வேணாம். இப்பவே வண்டி பிடிச்சு தூக்கிட்டு வாங்க. யார் கேட்டாலும் ஆய்வு மாத்திரைன்னு சொல்லுங்க. சீனியை நம்பாதீங்க!” என்று கத்தினேன்.

டொக்டரிடம் ஓடிச் சொன்னேன். “மற்ற எல்லாருக்கும் கோல் எடுங்கோ. விரதம் எண்டா நிப்பாட்டச் சொல்லுங்கோ. குழுவுக்கு நான் பிறகு அறிவிக்கிறன்” என்றார். அந்த ஒரு வரியை அன்றைக்கே போட்டிருந்தால் என்ன குடி முழுகிப் போயிருக்கும்! வாய்வரை வந்தது. ஆனால் போனைத்தான் கையில் எடுத்தேன்.

பாதையில் மண் சரிந்து, வண்டி சுற்றி வந்தது. அவர்கள் வந்து சேரப் பொழுது சாய்ந்துவிட்டது. தள்ளுவண்டியில் அந்த அம்மாவின் மூச்சு ஆழமாக, இடைவிடாமல் இழுத்துக்கொண்டிருந்தது. கண் திறக்கவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு போனார்கள். டொக்டர் விடியும்வரை அங்கேயே நின்றார். காப்பாற்ற முடியவில்லை.

ஆய்வு நிறுத்தப்பட்டது. குழு விசாரித்தது. தாளில் விரதம் என்ற வரி ஏறியது. இனி யாருக்காக?

காரியம் முடிந்த பிறகு ஒருநாள் கணவர் கிளினிக்குக்கு வந்தார். சண்டை பிடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று எழுந்து நின்றேன். பிடித்தால் பிடிக்கட்டும், நியாயம்தானே. அவர் ஒரு பொலித்தீன் பையை மேசையில் வைத்தார். உள்ளே வெறும் மாத்திரை அட்டைகள், ரப்பர் பட்டி போட்டு அடுக்கியிருந்தன.

“திருப்பித் தரணும்னு சொல்லியிருந்தீங்கல்ல. அவ ஒரு நாளும் தவறவிடலைங்க மிஸ். சரியா இருக்கான்னு பாருங்க.”

பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது.