வடிவு விற்ற சாம்பல்

ஐயம்பேட்டை பொன்னியம்மாளுக்கு மூன்று பெண்கள். மூத்தவள் வடிவு. வடிவு தன் புருஷன் செத்த வருஷம் கழுத்துச் சங்கிலியை விற்று ஒரு தறிக்குப் பாவு நூல் வாங்கிப் போட்டாள். அப்புறம் இரண்டாவது தறி, பிறகு பத்து பேருக்குக் கூலி. நெய்த பட்டுச் சேலைகளை அடுக்க, வீட்டுக்குப் பின்னால் ஷீட் போட்ட குடோன் ஒன்றும் கட்டினாள். இருபத்தெட்டு வருஷ உழைப்பு அது. ஒரு திங்கட்கிழமை மதியம் மெயின் போர்டில் பிடித்த நெருப்பு, தொண்ணூற்றாறு சேலைகளையும் இருப்பு நோட்டையும் சேர்த்துத் தின்றுவிட்டது.

இன்சூரன்ஸ் இருந்தது. மறுநாளே, நஷ்டத்தை மதிப்பிடக் கம்பெனி அனுப்பிய சர்வேயர் வந்தார். மேற்கூரை தொங்கிக்கொண்டிருந்ததால் வாசலில் நின்றே நாலு போட்டோ எடுத்தார். கூரையை இறக்கிய பிறகு, சனிக்கிழமை உள்ளே வந்து எண்ணிப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

தன் பக்கத்துக்கும் ஒருத்தர் வேண்டும் என்று வடிவு வாலாஜாபாத்திலிருந்து ஆதிகேசவனை அழைத்தாள். லைசென்ஸ் வாங்கிய நஷ்ட மதிப்பீட்டாளர். புதன்கிழமை இரண்டு பிரதியாக ஒரு ஒப்பந்தக் கடிதம் கொண்டுவந்தார்.

"எதுக்குப்பா இவ்ளோ காகிதம்? கெடைக்கிற பணத்துல நூத்துக்குப் பத்து எடுத்துக்க. கணக்கு தீந்துது."

"அப்படி வாங்கனா, நஷ்டத்தக் கூட்டி எழுதச் சொல்லி என் கையே அரிக்கும், அக்கா. என் கூலி இருபத்தஞ்சாயிரம். பாதி இப்ப, பாதி அறிக்கை குடுத்த அன்னிக்கு. உனக்குப் பணம் வந்தாலும் வராட்டியும் அதேதான்."

"தோத்தாலும் வக்கீலுக்கு ஃபீஸா? நல்லாருக்குதுப்பா உன் நியாயம்!"

"நான் வக்கீல் இல்லியே. நீ காசு குடுத்தாலும் என் அறிக்கை கம்பெனிக்கும் போவும். கண்ணால பாத்தத மட்டுந்தான் எழுதுவேன்."

ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினார். அவர் செய்ய வேண்டியது: எரிந்த சரக்கை எண்ணுவது, அதன் மதிப்பைக் கணக்கிடுவது, மிச்சம் தேறுவதன் விலையைக் கழிப்பது. கம்பெனியோடு வாதாடுவது அவர் வேலையில் சேராது. அவள் செய்ய வேண்டியது: பில்களை மறைக்காமல் கொடுப்பது. ஏழாவதாக, இரண்டு மதிப்பீட்டாளரும் பார்க்கும் வரை எரிந்த எதையும் நகர்த்தவோ விற்கவோ கூடாது.

"எரிஞ்சத யாருப்பா வாங்கப் போறான்?" என்று சிரித்துக்கொண்டே வடிவு கையெழுத்துப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை ஆட்கள் கூரையை இறக்கினார்கள். உள்ளே கரிக்கட்டியும் சாம்பலுமாக ஈரத்தில் நாறியது. வெள்ளிக்கிழமையும் அதுவுமாக, விளக்கேற்றுகிற வீட்டில் சாம்பல் குவிந்து கிடந்தால் ஆகுமா? அந்த நேரம் பார்த்து ஜரிகைக்காரன் பூவராகவன் வாசலில் வண்டியை நிறுத்தினான். பழைய பட்டுச் சேலைகளை வாங்கி, எரித்து, ஜரிகையிலுள்ள வெள்ளியை உருக்கி எடுப்பது அவன் பிழைப்பு. அந்த ஊரில் கிழிந்த பட்டு எல்லா வீட்டிலிருந்தும் அவனிடம்தான் போகும்.

"எரிக்கிற வேலைய தெய்வமே முடிச்சு வெச்சிருக்குது, அக்கா. அள்ளிக்கினு போவட்டா?"

வடிவுக்குச் சேலை என்றால் சேலை. எரிந்துவிட்டால் குப்பை. ஏழாவது விஷயம் சரக்கைப் பற்றியது என்றுதான் நினைத்தாள். இந்தக் குப்பைதான் அந்தச் சரக்கு என்று தோன்றவில்லை. அவன் கொடுத்த காசுக்கு அள்ளிக் கொடுத்தாள். தரையைக் கழுவி மஞ்சள் தண்ணீர் தெளித்தாள்.

சனிக்கிழமை கம்பெனி சர்வேயரும் ஆதிகேசவனும் ஒன்றாக உள்ளே நுழைந்தார்கள். கழுவிய சிமெண்டுத் தரை பளிச்சென்று இருந்தது. கம்பெனிக்காரர் போட்டோ எடுத்தார்.

"அக்கா, எங்க?"

அவள் சொன்னாள். ஆதிகேசவன் அங்கேயே குந்திவிட்டார்.

"நீ புதன்கிழமையே பாத்ததா எழுதிடேம்ப்பா. உள்ள கெடந்துதுன்னு."

"கூரை தொங்குதுன்னு நான் உள்ள கால் வெக்கலியே, அக்கா. கம்பெனி ஆளும் வாசல்லதான நின்னாரு."

"என் தலையில மண்ணு விழறதப் பாத்துக்கினு இருப்பியா?"

அவர் எழுந்து பூவராகவன் பட்டறைக்குப் போனார். அதற்குள் எல்லாம் உருகி வெள்ளிக்கட்டியாகிவிட்டது: இரண்டு கிலோ நூறு கிராம். எடைச் சீட்டை வாங்கிக்கொண்டார். சேலைக்கு நூறு கிராம் வெள்ளி என்று வைத்தால் இருபத்தோரு சேலை. மற்றதெல்லாம் தீயணைப்பு வண்டித் தண்ணீரோடு சாக்கடையில் போயிருக்கலாம். பாதி கரிக்கட்டியாக ஒட்டியிருந்து, கழுவிய தண்ணீரோடு போயிருக்கலாம். நூலும் ஜரிகையும் வாங்கிய பில்கள் ஆடிட்டரிடம் இருந்தன. ஆனால் அந்தத் திங்கட்கிழமை குடோனில் எத்தனை சேலை இருந்தது என்பதற்கு வேறு சாட்சி இல்லை.

இருபத்தொன்று என்றுதான் எழுதினார். எரிந்த மிச்சத்தைக் காப்பீடு எடுத்தவரே விற்றுவிட்டார் என்பதையும் எழுதினார். இரண்டு மாதம் கழித்து, அந்த இருபத்தொன்றின் மதிப்பில் வெள்ளி விலையையும் கழித்துக்கொண்டு கம்பெனி பணம் அனுப்பியது.

கூலியின் மறுபாதியை வடிவு கொண்டுபோய்க் கொடுத்தாள். "இது வேணாம், அக்கா" என்று தள்ளினார் ஆதிகேசவன்.

"வேணாம்னு சொல்லாதப்பா. கையெழுத்து என்னுது."

மேஜை மேல் வைத்துவிட்டு வந்தாள். அன்று சாயங்காலம் பத்துத் தறிக்காரர்களையும் கூப்பிட்டு, வந்த பணம் பத்தாது, புதுப் பாவு வராது, வேறு முதலாளியைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். ஒருத்தர், தறியில் ஓடிக்கொண்டிருக்கும் பாதிச் சேலையை என்ன செய்வது என்று கேட்டார்.