அழியாமல் நின்ற சிவப்பு அம்பு

அந்த உரையை நான்தான் ஆற்றுவதாக இருந்தது. ஜொகூர் பாருவில் நான் பகுதி நேரமாகப் பாடம் நடத்தும் தனியார் கல்லூரியில், தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்காக ஒரு சனிக்கிழமை காலை முழுவதும் நீளும் சொற்பொழிவு. 'வணிகப் பாதைகளில் பௌத்தம்' என்ற தலைப்பை முன்வைத்ததும் நான்தான். நிரந்தரப் பணிக்கான நேர்முகத் தேர்வு அடுத்த மாதம் வர இருந்தது. என் பெயரில் ஒரு பொது உரை நடந்தால் அதைக் காட்டி நிற்கலாம் என்பதுதான் என் கணக்கு.

சுவரொட்டியில் துறைத் தலைவரின் பெயர் இருந்தது.

அவர் அறைக்குப் போனேன். "சார், தலைப்பு நான் குடுத்தது," என்றேன். இன்னும் உரக்கச் சொல்லியிருக்க வேண்டுமோ என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

"தெரியும் லா. ஆனா கைக்குழந்தைய வெச்சுக்கிட்டு மூணு மணி நேரம் நிக்க முடியுமா? பாவம். நீங்க ஸ்லைடு போட்டு, கீழ நோட்ஸ் எழுதிக் குடுங்க. பேசறத நான் பாத்துக்கறேன்."

என் மகளுக்கு இரண்டு வயது. கைக்குழந்தை இல்லை. அதைக்கூட நான் திருத்தவில்லை. "சரி சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். தெப்ராவ் நெடுஞ்சாலை நெரிசலில் கார் ஊர்ந்துகொண்டிருந்தபோதுதான் சொல்ல வேண்டிய பதில்கள் எல்லாம் வரிசையாக வந்தன.

கோபம் இருந்தாலும் வேலையில் குறை வைக்க எனக்குத் தெரியாது. மகள் மதியம் தூங்கும் நேரத்தில் எழுதினேன். ஸ்லைடில் சொற்கள் குறைவாகவும் படம் பெரிதாகவும் இருக்க வேண்டும். சொல்ல வேண்டியது முழுவதும் கீழே பேச்சுக் குறிப்பில் இருக்க வேண்டும். என் பழக்கம் அது. எங்கே பொத்தானை அழுத்த வேண்டுமோ அங்கே 'கிளிக்' என்று அடைப்புக்குறிக்குள் எழுதுவேன். அழுத்தினால் படத்தில் அடுத்த பகுதி தோன்றும், அல்லது இருப்பது மறையும். குறிப்பும் படமும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும்.

முதல் பாதி தரைவழி. துறவி தனியாகப் பாலைவனத்தைக் கடக்க முடியாது. ஒட்டகக் கூட்டத்துக்குத் தண்ணீர் கிடைக்கும் இடம் தெரியும். அவர் அந்தக் கூட்டத்தோடுதான் போவார். தக்காணத்தில் மலைக் கணவாய்களை ஒட்டியே குகை விகாரைகள் குடையப்பட்டன. அங்கே தூண் கொடுத்தவர்கள், நீர்த்தொட்டி வெட்டியவர்கள் என்று கல்வெட்டில் இருப்பவர்களில் வணிகர்கள் பலர். விகாரை வழிப்போக்கருக்குத் தங்கும் இடமானது. கொடை தந்தவருக்குப் புண்ணியமும் ஊரில் மரியாதையும் கிடைத்தன. கோத்தான், குச்சா, துன்ஹுவாங் என்று மத்திய ஆசியப் பாலைவன ஓரத்து ஊர்களில் நூல்கள் ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்குப் போயின. அடுத்த ஊருக்கு வந்து சேர்ந்தபோது மதம் சற்று மாறியிருந்தது. அதைச் சொல்ல ஒரு ஸ்லைடு முழுவதும் ஒதுக்கினேன்.

தரைவழியின் முடிவில், இடைவேளைக்கு முன்பாக, கடல்வழிக்கான வங்கக் கடல் வரைபடம். இந்த உரையின் உயிரே அந்த ஒரு ஸ்லைடுதான்.

முதல் கிளிக்கில் நாகப்பட்டினத்திலிருந்து கெடாவுக்கு ஒரு தடித்த சிவப்பு அம்பு வரும். குறிப்பில் எழுதியிருந்தேன்: "நம்மில் பலர் இப்படித்தான் நினைக்கிறோம். நம்மவர்கள் கப்பலேறி வந்தார்கள், இங்கே இருந்தவர்களுக்கு மதத்தைக் கொடுத்தார்கள்." இரண்டாவது கிளிக்கில் அந்த அம்பு மறையும். "இது பாதிகூட உண்மை இல்லை." மூன்றாவதில் காற்று. தென்மேற்குப் பருவக்காற்று கப்பலைக் கிழக்கே கொண்டுவரும். திரும்பிப் போக வடகிழக்குக் காற்று வீச வேண்டும். அதுவரை மாதக்கணக்கில் வணிகர்கள் துறைமுகத்தில் காத்திருப்பார்கள். காத்திருப்பவர்களுக்குக் கும்பிட ஓர் இடம் தேவை. நான்காவதில் துறைமுகங்கள். கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கில் உள்ள செங்கல் அடித்தளங்கள், புத்தர் உருவம் அழுத்திய களிமண் வில்லைகள். உள்ளூர்த் தலைவர்கள் தங்களுக்கு எது பயன்படுமோ அதைத் தேர்ந்தெடுத்தார்கள். சுமத்திராவில் இருந்த கல்வி நிலையத்தில் சீனத் துறவிகள் தங்கிச் சமஸ்கிருத இலக்கணம் படித்துவிட்டு இந்தியாவுக்குப் போனார்கள். ஐந்தாவது கிளிக்கில், கடைசியாக, எதிர்த்திசையில் ஒரு நீல அம்பு. கடாரத்து, அதாவது இந்தக் கெடாவின், அரசன் பெயரில் நாகப்பட்டினத்தில் ஒரு விகாரை எழுந்தது, சோழர் அதற்கு ஒரு கிராமத்தைக் கொடையாகக் கொடுத்தார்கள். வந்தது மட்டும் இல்லை, போனதும் உண்டு.

சிவப்பு அம்பு மற்ற எல்லாவற்றுக்கும் மேல் அடுக்கில் இருந்தது. மறையப் போகும் பொருள்தானே என்று நான் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

உரை நாளன்று கணவரும் மகளும் என்னோடு வந்தார்கள். நாங்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். திரையில் முதல் ஸ்லைடு வந்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. கோப்பை அப்படியே போடவில்லை. பிடிஎஃப் ஆக்கியிருந்தார்கள். மண்டபத்துக் கணினி பழையது, அசைவு இருந்தால் நின்றுவிடும் என்று அலுவலகத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். பிடிஎஃப்பில் எதுவும் தோன்றாது, எதுவும் மறையாது. எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக ஒரே பக்கத்தில் கிடக்கும்.

தரைவழி ஒருவாறு போனது. துறைத் தலைவர் என் குறிப்புகளை அச்சிட்டுக் கையில் வைத்துக்கொண்டு வரி பிசகாமல் வாசித்தார். ஓர் இடத்தில் "இங்கே சற்று நிறுத்தவும்" என்பதையும் வாசித்துவிட்டார். கணவர் குனிந்து மகளின் காலணியைச் சரிசெய்வதுபோல் சிரிப்பை அடக்கினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வரைபடம் வந்தது. காற்றும் துறைமுகமும் நீல அம்பும் அடியில் நசுங்கிக் கிடக்க, சிவப்பு அம்பு மட்டும் வங்கக் கடலை அடைத்துக்கொண்டு நின்றது.

"நம்மில் பலர் இப்படித்தான் நினைக்கிறோம். நம்மவர்கள் கப்பலேறி வந்தார்கள்," என்று வாசித்தார். "இங்கே இருந்தவர்களுக்கு மதத்தைக் கொடுத்தார்கள்."

கைதட்டல். முன்வரிசையில் இருவர் எழுந்து நின்று தட்டினார்கள். அவர் தாளிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. அடுத்த வரி அவர் கண்முன் இருந்தது. அதை எழுதிய எனக்குத் தெரியும். தாளைத் திருப்பி அடியில் வைத்தார். "இதுதான் நம்ம பெருமை," என்று சொந்தமாக ஒரு வரி சேர்த்து, தேநீர் இடைவேளை அறிவித்தார்.

மகளைக் கணவரிடம் கொடுத்துவிட்டு நேராக அவரிடம் போனேன். கையில் கறிபஃப் வைத்திருந்தார்.

"சார், அந்தப் பக்கத்த முழுசா வாசிக்கல நீங்க."

"நேரம் இல்ல லா."

"நீங்க வாசிச்சது தப்புன்னு அடுத்த வரியிலயே எழுதியிருக்கேன். இப்ப நாம தப்ப சொல்லிட்டு நிக்கிறோம்."

"ஜனங்க எவ்ளோ சந்தோஷமா தட்டினாங்க பாத்தீங்க இல்ல? அத போய் கெடுக்கணுமா? நீங்க ரொம்ப டென்ஷன் ஆவறீங்க. வீட்ல தூக்கம் இல்ல போல."

"இடைவேளை முடிஞ்சு அந்த ஸ்லைட திரும்ப போடுங்க சார். நானே வந்து சொல்றேன்."

"போஸ்டர்ல என் பேருதான் இருக்கு," என்றார், மெதுவாக, பக்கத்தில் நின்றவர்களுக்குச் சிரித்துக்கொண்டே. "இன்டர்வியூ போர்டுலயும் நான்தான் இருப்பேன். ஞாபகம் வெச்சுக்குங்க."

 இருக்கைக்குத் திரும்பினேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை கிடைக்கலாம். அம்மா என்ற காரணத்தைச் சொல்லி மேடையை எடுத்துக்கொண்டவர், அதே காரணத்தைச் சொல்லி வேலையையும் மறுக்கலாம். இரண்டையும் மாறி மாறி எடைபோட்டுக்கொண்டிருந்தேன். இரண்டாம் பாதி முழுவதும் காதில் விழவில்லை.

கேள்வி நேரத்தில் லாபிஸ் ஊர்ப் பக்கத்திலிருந்து வந்த ஆசிரியை ஒருவர் எழுந்தார். "சார், சோழர் படையோடதான் பௌத்தம் இங்க வந்துச்சுன்னு பசங்களுக்குச் சொல்லிக் குடுக்கலாமா? திங்கக்கெழம வகுப்புல சொல்லணும்."

துறைத் தலைவர் தாள்களைப் புரட்டினார். பதில் அதில் இல்லை. சோழர் படையைப் பற்றி யாராவது கேட்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கடைசி வரிசையைப் பார்த்து, "ஸ்லைடு செஞ்ச நம்ம உதவியாளர் சொல்வாங்க," என்றார்.

மகள் என் தோளில் தூங்கிப்போயிருந்தாள். இறக்கினால் எழுந்து அழுவாள். அப்படியே தூக்கிக்கொண்டு முன்னால் போனேன். மேடைக்கணினியில் என் பென்டிரைவைச் செருகி, என் கோப்பைத் திறந்தேன். கணினி நிற்கவில்லை. ஒழுங்காகவே ஓடியது.

"சொல்லிக் குடுக்காதீங்க டீச்சர்," என்றேன். "சோழர் படை வந்ததுக்குப் பல நூற்றாண்டு முன்னாடியே இங்க பௌத்தம் இருந்துச்சு. சார் பாதியில நிறுத்திட்டாரு. மிச்சத்த நான் சொல்றேன்."

கிளிக். சிவப்பு அம்பு மறைந்தது. மண்டபத்தில் ஒரு முணுமுணுப்பு. எழுந்து நின்று கைதட்டியவர்களில் ஒருவர், வெள்ளை பாத்திக் சட்டைக்காரர், "அப்ப நம்ம ஆளுங்க ஒண்ணுமே செய்யலங்கிறீங்களா, அம்மா?" என்றார்.

"செஞ்சாங்க ஐயா. சரக்கு கொண்டு வந்தாங்க. காத்து மாறுறவரைக்கும் உக்காந்தாங்க. கும்புட்டாங்க. அத பாத்து இங்க உள்ளவங்க, அவங்களுக்கு வேணுங்கிறத அவங்களே எடுத்துக்கிட்டாங்க. யாரும் யாருக்கும் பிச்ச போடல."

"பெருமையா பேச வந்த எடத்துல இப்படியா பேசுறது?"

"கடாரத்துக்காரங்க நாகப்பட்டினத்துல விகாரை எழுப்புனாங்க. அதயும் சேத்து பெருமப்படுங்க ஐயா," என்று கடைசி கிளிக்கை அழுத்தினேன். குரல் உயர்ந்துவிட்டது. மகள் நெளிந்தாள். பாத்திக் சட்டைக்காரர் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். இன்னும் சிலரும் போனார்கள். சாப்பாட்டு நேரம் என்பதாலும் இருக்கலாம். லாபிஸ் ஆசிரியை எழுதிக்கொண்டிருந்தார்.

நன்றியுரையில் துறைத் தலைவர், "நம்ம உதவியாளர் கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டுட்டாங்க, சின்னக் குழந்த இருக்கு, மன்னிச்சுக்குங்க," என்றார். சிரித்தார்கள்.

நான் ஒலிவாங்கிக்கு அருகில்தான் நின்றேன். "நான் உதவியாளர் இல்ல சார். விரிவுரையாளர். உரை நான் எழுதுனது," என்றேன். அது எத்தனை பேர் காதில் விழுந்தது என்று தெரியாது. அவர் காதில் விழுந்தது.

காரில் கணவர், "இன்டர்வியூ போச்சுன்னு வெச்சுக்கலாமா?" என்றார்.

"போயிருக்கலாம்."

"அப்பறம் ஏன் இன்னும் மொறைக்கிற? சொல்ல வேண்டியத சொல்லிட்ட இல்ல?"

"மன்னிப்பு கேட்டது அவரு. என் சார்புல. அதான்."

 நேர்முகத் தேர்வுக்கு இன்றுவரை அழைப்பு வரவில்லை. வராது என்றும் சொல்லிவிட முடியாது. பேசியிருக்கக் கூடாதோ என்று காலையில் தோன்றும். இன்னும் முன்னாலேயே, அந்தச் சுவரொட்டியைப் பார்த்த அன்றே பேசியிருக்க வேண்டும் என்று மாலையில் தோன்றும்.

லாபிஸ் ஆசிரியையும் வேறு சிலரும் கோப்பைக் கேட்டிருக்கிறார்கள். அதைத்தான் இப்போது திருத்திக்கொண்டிருக்கிறேன். அந்த ஒரு வரைபடத்தை ஐந்து ஸ்லைடுகளாகப் பிரித்துவிட்டேன். எதுவும் தோன்ற வேண்டாம், மறைய வேண்டாம். அச்சிட்டாலும் பிடிஎஃப் ஆக்கினாலும் ஒன்றும் பிசகாது. சிவப்பு அம்பு இருக்கும் பக்கத்தில், அம்பின் குறுக்கே 'தவறு' என்று எழுதியிருக்கிறேன், யாரும் அங்கே நிறுத்திக் கைதட்டு வாங்க முடியாதபடி. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் என் பெயரை இட்டிருக்கிறேன். எழுத்து சற்றுப் பெரிதாக இருக்கிறதோ என்று ஒரு முறை சிறிதாக்கிப் பார்த்தேன். பிறகு பழைய அளவுக்கே கொண்டுவந்துவிட்டேன்.