கொரியாவா, ஜப்பானா

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். முன்னுக்குப் பின் மாறியிருந்தாலும், சிலது மறந்து விட்டுப்போயிருந்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் பேசக் கூச்சப்படுகிறவள் நான். அதனால்தான் வெளிநாடு போக நினைக்கிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

என் மகள் குவைத்தில் ஒரு வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தாள். புருஷன் விட்டுப்போன பிறகு போனவள். ஒப்பந்தம் முடிந்து இலங்கையில் ஹாலிஎல பக்கம் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டுக்குத் திரும்பியபோது முப்பத்தேழு வயது. மறுபடியும் அங்கேயே போகலாமே என்றேன்.

"அங்க போக எந்த பாஷையும் படிக்க வேணாம்மா. யார் வேணும்னாலும் போகலாம். அதனாலதான் எத்தனை வருஷம் இருந்தாலும் நம்மள வேலைக்காரின்னே வச்சிருக்காங்க. இந்தத் தடவ ஒரு பாஷையப் படிச்சிட்டுத்தான் போவேன்."

அப்போது லயம் முழுக்கக் கொரியா பேச்சுதான். மேல் லயத்துத் தம்பி ஒருத்தன் கொரியாவுக்குப் போய்ச் சம்பாதித்து, வீட்டுக் கூரைத் தகரத்தை எடுத்துவிட்டுக் கொங்கிரீட் போட்டிருந்தான். எங்கள் பக்கத்தில் ஒருத்தர் எந்தப் படிக்கட்டில் ஏறினாரோ அதே படிக்கட்டில் எல்லாரும் ஏறுவோம். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போவது போல ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் பதுளைக்கு பஸ் ஏறினார்கள், கொரியன் கிளாசுக்கு. என் மகளும் ஏறினாள்.

ஒரே சுவருக்கு அந்தப்புறம் இருக்கும் பக்கத்துக் காம்பராக்காரி சும்மா இருப்பாளா?

"என்னக்கா, ஒங்க மக கொரியாக்காரிச்சி ஆயிட்டாளா? இனி நம்மகூட சோறு திம்பாளா, குச்சியிலதான் திம்பாளா?"

மகள் சிரித்துவிட்டுப் போய்விடுவாள். அவள் பாடு அவளுக்குத்தான் தெரியும். கிளாஸ் சிங்களத்தில். புத்தகமும் சிங்களம். பேசத் தெரிந்தவளுக்கு அதை வாசிக்க வராது. முதலில் சிங்களத்தைப் புரிந்து, பிறகு கொரியனைப் பிடித்து, பக்கத்தில் தமிழில் எழுதிக்கொள்வாள். கொரியன் எழுத்து சுலபம், சீக்கிரம் பிடிபட்டுவிட்டது என்றாள். நாற்பதைத் தொட்டால் பரீட்சைக்கே விடமாட்டார்களாம். அந்தப் பயம்தான் அவளைத் தூங்கவிடாது.

கொரியாவில் இருந்த அந்த மேல் லயத்துத் தம்பி லீவில் வந்தபோது அவனைப் பார்க்கப் போனோம். மற்றவர்கள் சம்பளத்தைக் கேட்டார்கள். இவள் வேறொன்று கேட்டாள்.

"ஏன் தம்பி, ஒங்க பக்டரியில நம்ம நாட்டுப் பொம்பளைங்க எத்தன பேரு?"

அவன் தலையைச் சொறிந்தான்.

"எங்க பக்டரியில ஒருத்தரும் இல்லக்கா. வேற எடத்துல கொஞ்சப் பேரு இருக்காங்க. பாஸ் பண்ணினாலும் பேரு லிஸ்ட்லதான் கெடக்கும். மொதலாளி பாத்து எடுக்கணும். அவங்க அனேகமா ஆம்பளையத்தான் கேக்குறாங்க. வருஷம் ரெண்டு போனா லிஸ்ட்டும் செல்லாது."

"கிளாஸ்ல இத யாருமே சொல்லலயே."

"யாராச்சும் கேட்டீங்களா?"

ஆறு மாதப் படிப்பு போச்சே என்று வரும் வழியெல்லாம் புலம்பினேன். அவள் வீட்டு வாசலில் நின்று சொன்னாள்: "நான்தாம்மா முட்டாள். பாஷையப் பாத்தேன், அந்தப் பாஷைக்காரன் யார எடுக்குறான்னு பாக்கல."

அதற்குப் பிறகுதான் ஜப்பான். அங்கே வயதானவர்களைப் பராமரிக்க ஆள் கேட்கிறார்கள், பெண்களையும் எடுக்கிறார்கள். குவைத்தில் செய்த வேலை கைகொடுக்கும் என்று நினைத்தாள். ஆனால் பாடு அதிகம். எழுத்தே மூன்று வகை. பாஷைப் பரீட்சை ஒன்று, பராமரிப்பு வேலைக்குத் தனிப் பரீட்சை, அந்த வேலையில் பேசும் பாஷைக்கு இன்னொன்று. போனால் ஐந்து வருஷம், குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. அங்கேயே பெரிய பரீட்சை ஒன்றைப் பாஸ் பண்ணினால்தான் தொடர்ந்து இருக்கலாமாம். வயதுக்குச் சட்டத்தில் எல்லை இல்லை, ஆனால் எடுக்கிறவர்கள் பார்ப்பார்களாம்.

"இம்புட்டும் படிக்கணுமா புள்ள?" என்றேன்.

"இம்புட்டு இருக்கறதாலதான் கூட்டம் கொறவும்மா."

பழகிப்பார்க்க ஆள் வேண்டுமே, நான்தான் ஆள். அந்த வேலையில் சொல்லாமல் தொடக் கூடாதாம். என் கையைத் தூக்குமுன் ஜப்பான் பாஷையில் ஏதோ சொல்வாள், பிறகுதான் தூக்குவாள். புரள வைக்குமுன் சொல்வாள், கால் கழுவுமுன் சொல்வாள். என்னை யாரும் இப்படிக் கேட்டுவிட்டுத் தொட்டதில்லை. எனக்கு வெட்கமாக இருக்கும், கண்ணை மூடிக்கொள்வேன். முதுகு வலிக்கு அது சுகமாகவும் இருக்கும்.

பாஷைப் பரீட்சையில் முதல் தடவை விட்டாள், இரண்டாம் தடவை பிடித்தாள். மற்ற இரண்டும் முடிந்துவிட்டன. போன மாதம் கம்ப்யூட்டரில் ஒரு ஜப்பான் அம்மாள் நேர்முகம் வைத்து, இவளை எடுத்துக்கொண்டார். விசா வந்தால் போகவேண்டியதுதான். பக்கத்துக் காம்பராக்காரி இப்போது தன் மகளும் ஜப்பான் பாஷை படிக்கலாமா என்று கேட்கிறாள். ஒன் மக என்ன வேல செய்வா, அதக் கேளு மொதல்ல என்று சொல்ல நினைத்தேன். களைப்பில் விட்டுவிட்டேன்.

பரீட்சைகள் எந்த வரிசையில் வரும், வயது விஷயம் எப்படி என்பதெல்லாம் நான் காதால் கேட்டது. தப்பு இருக்கும். ஜப்பான் போக நினைக்கிறவர்கள் இதை என் மகளிடம் காட்டிச் சரிபாருங்கள். அவள் இங்கே இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.